துடைக்கத் துடைக்கத் திரும்பும் வெள்ளை: உப்புவெளி வீடொன்றின் புது டைல்ஸ் தரை

புது வீட்டுத் தரையில் டைல்ஸ் பதித்து, இடைவெளிகளுக்கு கிறவுட் போட்டு, பெயின்ட் வேலையும் முடிந்தபிறகு ஒரு வெள்ளைப் படலம் மிஞ்சும். ஈரத்துணியால் துடைத்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், காய்ந்ததும் பழையபடி சாம்பல் பூசினது போல வந்து நிற்கும். திருகோணமலையில் கடலோரமாக வீடு கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் பெரிய தலையிடி. காரணம், இங்கே ஒரே தரையில் இரண்டு மூன்று விதமான வெள்ளை ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வைத்தியம். எல்லாவற்றுக்கும் சேர்த்து அசிட்டை ஊற்றினால் என்ன நடக்கும் என்பதை உப்புவெளியில் ஒரு வீட்டில் நன்றாகவே பார்க்க முடிந்தது. டைல்ஸ் வேலை முடிந்த வீடுகளைக் கழுவிக் கொடுப்பதுதான் என் தொழில், அதனால் அந்த வீட்டுத் தரையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வீடு கடற்கரையிலிருந்து ஒரு சில ஒழுங்கை உள்ளே. ஹோலுக்கும் குசினிக்கும் இரண்டடிக்கு இரண்டடி, கடுஞ்சாம்பல் நிறத்தில் மினுக்கிய போர்சிலீன். விறாந்தைக்கு வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ். குளியலறை வாசலில் மட்டும் ஒரு துண்டு உண்மையான பளிங்குக் கல். ஹோலுக்கு டைல்ஸ் பதித்த பிறகுதான் வெளிச்சுவர் பூச்சும் யன்னல் ஓரப் பூச்சும் நடந்திருக்கிறது, அதுவும் மாரி மழை நேரத்தில். பதித்த தரையின்மேல் எதுவும் விரிக்காமல் சாந்துச் சட்டியோடு ஆட்கள் நடந்ததில் யன்னலுக்குக் கீழே எல்லாம் சீமெந்துத் தெறிப்பு, விரல் நுனி அளவு கட்டிகள் முதல் ஊசி முனைப் புள்ளிகள் வரை. கிறவுட்டையும் அன்றைக்கே துடைக்காமல் அடுத்த நாள் காலையில் துடைத்திருக்கிறார்கள். கடும் நிற மினுக்கல் டைல்ஸில் இதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது. மினுக்கும்போது போர்சிலீனின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் திறந்துகொள்ளும், கிறவுட் நீர் அதற்குள் இறங்கி இறுகிவிடும், கறுப்பில் அது பளிச்சென்று தெரியும்.

நான் போவதற்கு முன்பே ஒருவர் வந்து குளியலறையிலும் ஹோலின் ஒரு பக்கத்திலும் ஹைட்ரோகுளோரிக் அசிட்டைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றித் தேய்த்துவிட்டுப் போயிருந்தார். முதல் நாள் பளபளவென்று இருந்ததாம். வீட்டுக்கார அக்கா சொன்னது இதுதான்: "துடைக்கத் துடைக்கத் திரும்ப வருது தம்பி. இப்ப காலில வேற பிசுபிசுக்குது."

அந்தப் பிசுபிசுப்புத்தான் எனக்கு முதல் துப்பு. ஹைட்ரோகுளோரிக் அசிட் சீமெந்தோடு சேர்ந்தால் கல்சியம் குளோரைட் உண்டாகும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நனைந்துகொண்டே இருக்கிற உப்பு. நம்ம ஊர்க் கடற்காற்றில் அதற்கு ஈரத்துக்கா பஞ்சம். தரை காயாத மாதிரி இருக்கும், தூசு ஒட்டும், கால் தடம் விழும், வெயில் ஏறிக் கொஞ்சம் உலர்ந்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரியும். அதாவது சீமெந்துப் படலம் கரைந்ததுதான், ஆனால் கரைந்ததை யாரும் அள்ளி வெளியே எடுக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தள்ளியதோடு வேலை முடிந்துவிட்டது. ஆகவே இந்தத் தரையில் அசிட் குறைந்ததால் வெள்ளை திரும்பவில்லை. அழுக்கான கரைசல் தரையிலேயே காய்ந்ததால் திரும்பியிருக்கிறது.

எது எந்த வெள்ளை

உடனே வேலையைத் தொடங்காமல் முதலில் சொட்டுச் சோதனை செய்தேன். இதற்கு இரண்டே பொருள் போதும், நல்ல குழாய்த் தண்ணீர், கொஞ்சம் சல்பாமிக் அசிட் கரைசல். சல்பாமிக் கிடைக்காவிட்டால் சோதனைக்கு மட்டும் வினாகிரி பாவிக்கலாம், நுரை மெல்லமாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். வெள்ளைத் திட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பொறுத்து வெள்ளைக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள், காயவிடுங்கள். அந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தால் அது தண்ணீரில் கரைகிற உப்பு, அதற்கு அசிட்டே தேவையில்லை. தண்ணீருக்கு அசையாமல் அசிட் சொட்டுக்கு மட்டும் பொங்கி, ஒற்றிய பிறகு வட்டமாகக் கறுப்பு தெரிந்தால் அது சீமெந்துப் படலம். சீமெந்திலுள்ள சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துச் சுண்ணாம்புக் கல்லாக மாறியிருக்கும், அதிலிருந்துதான் நுரை வருகிறது. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் அது பெயின்டாக, தொழிற்சாலையில் பூசிவந்த மெழுகாக, அல்லது டைல்ஸின் மேற்பரப்பே கெட்டுப்போனதாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பளிங்குக் கல்லிலும் சுண்ணாம்புக் கல்லிலும் டெராசோவிலும் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அந்தக் கல்லே அசிட்டுக்கு நுரைக்கும், ஒரு சொட்டே வட்ட வடுவாக நின்றுவிடும். சீமெந்தால் செய்த பூ டைல்ஸும் அதே வகைதான்.

ஹோலின் நடுப்பகுதி அசிட்டுக்குப் பொங்கியது, சீமெந்துப் படலம். முந்தியவர் அசிட் ஊற்றிய பக்கம் தண்ணீருக்கே போனது, உப்பு. யன்னலுக்குக் கீழே இருந்த புள்ளிகளில் பல இரண்டுக்கும் அசையவில்லை, நகத்தால் தள்ளினால் ரப்பர் மாதிரி சுருண்டு வந்தது, அது சுவர் பெயின்ட். இந்தப் புள்ளிகளுக்கு எத்தனை போத்தல் அசிட் ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது. சுடுதண்ணீர்த் துணியை கொஞ்ச நேரம் போட்டுவைத்துப் பிளாஸ்டிக் தகட்டால் தள்ளினால் கழன்றுவிடும். விறாந்தையில் சுவரோரமாக, கிறவுட் கோட்டின் மேலேயே பஞ்சு மாதிரி ஒரு வெள்ளை முளைத்திருந்தது. அது வேறு கதை, பிறகு சொல்கிறேன்.

கிணற்றுத் தண்ணீர்

சோதனையோடு சோதனையாக இன்னொன்றும் செய்தேன். மிஞ்சிக் கிடந்த கடுஞ்சாம்பல் டைல்ஸ் துண்டொன்றை நன்றாகக் கழுவித் துடைத்து, ஒரு பக்கம் ஒரு கரண்டி கிணற்றுத் தண்ணீர், மறுபக்கம் ஒரு கரண்டி குழாய்த் தண்ணீர் விட்டு வெயிலில் வைத்தேன். காய்ந்தபோது குழாய்த் தண்ணீர் இருந்த இடத்தில் மெல்லிய ஒரு விளிம்பு மட்டும். கிணற்றுத் தண்ணீர் இருந்த இடம் முழுக்க வெள்ளை, ஓரத்தில் தடித்த வளையம், விரலால் தொட்டால் நறநறவென்று ஒட்டியது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "கிணத்துத் தண்ணி நல்லதுதானே, குளிக்கிறம், உடுப்புத் தோய்க்கிறம்" என்றார். குளிக்கலாம், தோய்க்கலாம். ஆனால் கடற்கரையோரக் கிணறுகள் பலவற்றில் உப்பும் சுண்ணாம்பும் கூட. அந்தத் தண்ணீரால் ஒவ்வொரு நாளும் தரையைத் துடைத்துக் காயவிட்டால் ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய உப்புப் பூச்சைப் போட்டுக்கொண்டே போகிறீர்கள். வெளிர் நிற டைல்ஸில் இது கண்ணில் படாது. மினுக்கிய கடும் நிறத்தில் ஒளிக்காமல் தெரியும்.

இந்த வீட்டில் கட்டட வேலைக்கும் கழுவுவதற்கும் கிணற்றுத் தண்ணீர்தான் ஓடியது, குழாய் இணைப்பு குசினிக்கு மட்டும். அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். மொத்தமாகத் தூசு மண் கழுவ கிணற்றுத் தண்ணீர் போதும், கரைசல் கலக்கவும் கடைசி இரண்டு அலசலுக்கும் குசினிக் குழாயிலிருந்து வாளியில் பிடித்த தண்ணீர். கடலோர வீடுகளில் இந்த ஒன்றை மட்டும் மாற்றினாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

கழுவிய விதம்

முதலில் தண்ணீரே இல்லாமல் கூட்டினோம். தும்புத்தடியால் இழுக்காமல் மென்மையான விளக்குமாற்றால், கடைசியில் வெற்றிட இயந்திரத்தால். மணல் ஒரு பிடி கிடந்தாலும் அதன்மேல் தேய்த்தால் மினுக்கம் கீறிவிடும், அந்தக் கீறல் படலத்தைவிட மோசம்.

அப்புறம் கட்டிகள். ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துக் கட்டியின் விளிம்பில் தள்ள வேண்டும். மினுக்கிய போர்சிலீனைச் சீமெந்து அவ்வளவாகப் பிடிக்காது, விளிம்பு கிளம்பியதும் 'டக்'கென்று முழுதாகக் கழன்று வரும், அடியில் வெள்ளை நிழல் மட்டும் மிஞ்சும். உளியும் இரும்புச் சுரண்டியும் எடுத்தால் டைல்ஸில் கறுப்புக் கோடு விழும். அது கீறல் இல்லை, இரும்பு அப்பிக்கொண்டது, ஆனால் எடுப்பது பெரும்பாடு. இரும்பு நார்த் தேய்ப்பானும் வேண்டாம், அதன் துகள் கிறவுட்டில் தங்கித் துருப்புள்ளியாகிவிடும்.

படலத்துக்கு சல்பாமிக் அசிட். உப்புக் கல் போல வெள்ளைப் படிகமாகக் கிடைக்கும், ஹைட்ரோகுளோரிக் மாதிரி மூக்கை அறுக்கிற புகை கிடையாது. ஒரு லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் போட்டேன். பிடிவாதமான இடத்துக்கு 100 கிராம் வரை போகலாம், அதற்குமேல் போவதில் பயனில்லை. பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு படிகம், இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். இரும்பு, அலுமினிய வாளி வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் போட்டு யன்னலைத் திறந்துவைத்தோம், அலுமினியக் கதவின் கீழ்த் தண்டவாளத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டினோம். கிறவுட் போட்டு குறைந்தது பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும், இந்த வீட்டில் மாதக்கணக்காகிவிட்டது, அதனால் அந்தப் பயம் இல்லை. முதல் பரீட்சை கதவுக்குப் பின்னால் ஒரேயொரு டைல்ஸில், காயவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட்டோம்.

அசிட் போடுவதற்கு முன் தரையைத் தண்ணீரால் நனைத்தோம். இது பலரும் விட்டுவிடுகிற படி. கிறவுட் கோடு பஞ்சு மாதிரி உறிஞ்சும். அது முதலில் நல்ல தண்ணீரைக் குடித்து நிரம்பியிருந்தால் அசிட் உள்ளே இறங்காமல் மேலேயே வேலை செய்யும். காய்ந்த கிறவுட்டில் அசிட் போனால் அதிலுள்ள சீமெந்தைத் தின்று மணலை மட்டும் மிச்சம் வைக்கும். நனைத்து, தேங்கிய தண்ணீரை வழித்துவிட்டு, ஆறடிக்கு ஆறடி அளவான ஒரு கட்டத்தில் மட்டும் கரைசலை விரித்தோம். மெல்லிய நுரை கிளம்பும். மூன்று நான்கு நிமிடம் பொறுத்து வெள்ளை நைலோன் பட்டையால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். விசிறியைப் போடக்கூடாது, கரைசல் தரையில் காய்ந்தால் எல்லாம் வீண். நுரை நின்றுவிட்டால் அந்த அசிட் செலவாகிவிட்டது என்று அர்த்தம், படலம் இன்னும் இருந்தால் அதையே தேய்க்காமல் வழித்தெடுத்துவிட்டுப் புதுக் கரைசல் விட வேண்டும்.

இனிதான் முக்கியமான கட்டம். பால் மாதிரி கலங்கி நிற்கிற அந்தத் தண்ணீரை ரப்பர் வழிப்பானால் ஒரு பக்கம் கூட்டி, முறத்தில் அள்ளி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி, ஒரு வாளியில் சேர்த்தோம். வாசல் பக்கமாகத் தள்ளிவிட்டால் வேலை லேசுதான். ஆனால் தள்ளும்போது பக்கத்துக் கட்டத்தின் கிறவுட் எல்லாம் அதைக் குடித்துவைத்துக்கொள்ளும், நாளைக்கு அங்கே வெள்ளை பூக்கும். அள்ளிய பிறகு குழாய்த் தண்ணீரால் ஓர் அலசல், அதையும் அள்ளல். அடுத்து லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்த தண்ணீரால் ஒரு துடைப்பு. கிறவுட் கோட்டில் நுரை வந்தால் அங்கே இன்னும் அசிட் இருக்கிறது. கடைசியாக மறுபடி குழாய்த் தண்ணீர், சோடாவும் ஒரு உப்புத்தான், அதையும் விட்டுவைக்கக் கூடாது. பிறகு காய்ந்த பருத்தித் துணியால் துடைத்துக் காயவைத்தோம், தானாகக் காய விடவில்லை. வாளிகளில் சேர்ந்த அசிட் தண்ணீருக்குள் நுரை நிற்கும்வரை சோடா தூவி, கிணற்றிலிருந்து தூரத்தில் ஊற்றினோம். கிணறுள்ள வளவில் இதில் அலட்சியம் கூடாது.

அடுத்த நாள் காலையில் கைவிளக்கைத் தரையில் படுக்கவைத்து வெளிச்சத்தை டைல்ஸின் மேல் சாய்வாக அடித்துப் பார்த்தோம். மேலிருந்து பார்த்தால் தெரியாத படலமெல்லாம் இந்த வெளிச்சத்தில் தெரியும். குசினி சுத்தம். ஹோலில் யன்னல் பக்கம் இரண்டு மூன்று டைல்ஸில் துணி இழுத்த தடம் மாதிரி மங்கல் இருந்தது, அதற்கு மட்டும் 100 கிராம் கரைசல் இன்னொரு தரம், அதோடு போய்விட்டது. பிசுபிசுத்த பக்கத்துக்கு நான் அசிட்டே போடவில்லை. குழாய்த் தண்ணீர் விட்டு, ஊறவிட்டு, அள்ளி, திரும்ப விட்டு அள்ளி, துணி ஒட்டாமல் வழுக்குகிறவரை அதையே செய்தோம்.

போகாதவை

குளியலறையில் நிலைமை வேறு. தண்ணீர் கலக்காத அசிட் நின்ற இடங்களில் கிறவுட் தோண்டிப்போய், நகத்தால் கீறினால் மணலாகக் கொட்டியது. நீர்போகும் துளையின் மூடி, துருப்பிடிக்காத உருக்கு என்று வாங்கியது, பழுப்புப் புள்ளி விழுந்து குழிந்திருந்தது. அதன்மேல் யாரும் அசிட் ஊற்றவில்லை என்று அக்கா சொன்னார், ஊற்றியிருக்கவும் தேவையில்லை, அந்தப் புகையே போதும். கெட்ட கிறவுட்டைச் சுரண்டி எடுத்துத் திரும்பப் போடுவதைத் தவிர வழியில்லை. மேலாக ஒரு பூச்சுப் பூசினால் கொஞ்ச நாளில் தகடாகக் கழன்றுவிடும். வாசல் பளிங்குக் கல்லில் இருந்த வெள்ளை, படலமே இல்லை, அசிட் கல்லையே தின்று மினுக்கத்தை எடுத்திருந்தது. விரலால் தடவினால் பக்கத்து இடத்தைவிடச் சொரசொரப்பாக இருப்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். அதைக் கல் மினுக்குகிறவர்தான் சரியாக்க முடியும்.

போர்சிலீனை சல்பாமிக்கோ ஹைட்ரோகுளோரிக்கோ பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் துருக்கறை நீக்கும் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோபுளோரிக் அசிட் இருக்கும், அது கண்ணாடியையே அரிக்கிற சாமான், டைல்ஸின் மினுக்கத்தை ஒரே தடவையில் எடுத்துவிடும், தோலில் பட்டாலும் மிக ஆபத்து. போத்தலின் பின்பக்கத்தை வாசிக்காமல் எதையும் ஊற்றாதீர்கள். கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றிலும் ஹைட்ரோகுளோரிக்தான். அதை ஊற்றிவிட்டு மேலே வெளிற்றும் குளோரின் திரவத்தை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் உயிரே போகலாம்.

இனி விறாந்தை. சொரசொரப்பு டைல்ஸின் பள்ளங்களில் இருந்த படலம் அதே கரைசலுக்குப் போனது, பட்டைக்குப் பதில் நைலோன் தூரிகை, அவ்வளவுதான். ஆனால் சுவரோரம் கிறவுட் கோட்டில் முளைத்த பஞ்சு வெள்ளை இரண்டே நாளில் திரும்பிவிட்டது. இது மேலேயிருந்து விழுந்த வெள்ளை இல்லை, கீழேயிருந்து வருவது. மாரி மழையில் டைல்ஸுக்கு அடியிலுள்ள சாந்தும் சுவரின் அடியும் நனைந்து ஊறியிருக்கின்றன. வெயில் வந்ததும் அந்த ஈரம் கிறவுட் வழியாக மேலேறி ஆவியாகிறது, கூடவே உப்பையும் சுமந்துவந்து கிறவுட்டின் மேல் விட்டுவிட்டுப் போகிறது. இதைத் தண்ணீரால் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போகும், அசிட் போட்டால் புதிதாக உப்பும் சேரும். காய்ந்த தூரிகையால் தட்டி, தூசு மாதிரி அள்ளி எடுப்பதுதான் சரி. நான் அக்காவிடம் சொன்னதும் அதுதான்: மேலே எந்த சீலரும் இப்போதைக்குப் பூசவேண்டாம், ஈரம் உள்ளே அடைபட்டுக்கொள்ளும், காய்ந்த கச்சான் காற்று வீசும்வரை வாரத்துக்கு ஒரு தடவை தட்டி எடுங்கள். சுவரோரமாகக் கூரைத் தண்ணீர் விழுந்த இடத்துக்குப் பீலியும் போடச் சொன்னேன், ஏனென்றால் ஈரம் வரும் வழி திறந்திருக்கும்வரை உப்பும் வந்துகொண்டுதான் இருக்கும். பீலி போட்டார்கள். கச்சான் தொடங்கிய பிறகு போய்ப் பார்த்தபோது ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் இருந்தது.

அதற்குள் மேல்மாடி அறைக்கு டைல்ஸ் பதிக்கத் தொடங்கியிருந்தார்கள், அதே கடுஞ்சாம்பல் தான். மேசனாரோடு இருந்து பேசினேன். கிறவுட்டை அறை முழுக்க ஒரே மூச்சில் அப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது, விரலில் ஒட்டாத பதம் வந்ததும், சாதாரணமாக இருபது முப்பது நிமிடத்தில், நன்றாகப் பிழிந்த ஸ்பொஞ்சால் சாய்வாக வழிப்பது, ஒவ்வொரு வழிப்புக்கும் ஸ்பொஞ்சின் சுத்தமான பக்கத்தைத் திருப்புவது, வாளித் தண்ணீர் கலங்கியதும் மாற்றுவது. வெயில் நேரத்தில் இந்த இடைவெளி இன்னும் குறையும் என்று அவரே சொன்னார். இரண்டு மணித்தியாலத்தில் மெல்லிய படலம் விழுந்தது, அதைக் காய்ந்த துணியாலேயே எடுத்துவிட்டார். பூச்சு வேலை மிச்சம் இருந்ததால் தரையை மூட வேண்டியிருந்தது. பச்சைக் கிறவுட்டின் மேல் பொலித்தீன் விரித்தால் ஈரம் அடைபட்டு நிறம் திட்டுத் திட்டாக மாறும், அதனால் கிறவுட் நன்றாகக் காய்ந்தபிறகு கூட்டித் துடைத்து, தடித்த காகிதம் விரித்து ஓரங்களைச் சுவரோடு ஒட்டினார்கள். அட்டைப்பெட்டி மட்டும் வேண்டாம் என்றேன், நனைந்தால் அதன் பழுப்புச் சாயம் கிறவுட்டில் இறங்கிவிடும், அது லேசில் போகாது.